யோகா போஸ்டர்: அச்சுக்குக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் ஜூன் 21ஆம் தேதியை உலக யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் அந்த நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. அதையொட்டி யோகா வகுப்பு நடத்துவோர் போஸ்டர் கேட்டு அச்சகங்களையும், படக்கடைகளையும், ஸ்டேஷனரி கடைகளையும் நாடி வருகின்றனர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: அமைதியாக ஆசனத்தில் நிற்கும் ஒருவர், பின்னால் இளங்காலை வெளிச்சம், கீழே வகுப்பு நேரமும் தொலைபேசி எண்ணும். கேட்க எளிதான வேலையாகத் தோன்றும். ஆனால், அச்சான பிறகு "ஆசனம் தவறு" என்று மொத்தக் கட்டும் திரும்பி வருவதும் இந்த வேலையில்தான். படம் அழகாக இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோம். யோகா ஆசிரியரோ முழங்காலும் பாதமும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கிறார். அவர் பார்ப்பதை நாமும் பார்க்கக் கற்றுக்கொண்டால் நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

இதற்கு விருட்சாசனத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் காலில் மரம்போல் நிற்கும் இந்த ஆசனத்தைத்தான் வகுப்புப் போஸ்டர்களில் அடிக்கடி காண்கிறோம். உயரவாக்கில் நிற்கும் உருவம் என்பதால் 20 அங்குலத்துக்கு 30 அங்குலத் தாளில் நன்றாகப் பொருந்தும். இரு பக்கமும் எழுத்துக்கு இடமும் கிடைக்கும்.

படத்தைக் காலிலிருந்து மேல்நோக்கிச் சோதிக்க வேண்டும். முதலில் தரையில் ஊன்றிய காலின் முழங்கால் சில்லைக் கண்டுபிடியுங்கள். மடக்கிய காலின் பாதம் அந்தச் சில்லுக்கு முழுதும் மேலே, உள்தொடையில் பதிந்திருக்க வேண்டும். அல்லது முழுதும் கீழே, கெண்டைக்காலின் உட்புறம் இருக்க வேண்டும். முழங்கால் மூட்டின் பக்கவாட்டிலேயே பாதம் அழுந்தியிருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள். கதவுக் கீல்போல முன்னும் பின்னும் மடங்குவதற்காக அமைந்த மூட்டு அது. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் அமைப்பு அதற்கு இல்லை. ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே எச்சரிக்கும் தவறு இது. அதையே அவர் வகுப்பின் போஸ்டரில் அச்சிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாரா? வாங்கிச் சுவரில் மாட்டினாலும், அதைப் பார்த்து நிற்கும் புதிய மாணவருக்குத்தான் கேடு.

அடுத்து, மடக்கிய காலின் விரல்கள் தரையை நோக்கியும், முழங்கால் பக்கவாட்டில் வெளியே திரும்பியும் இருக்க வேண்டும். இடுப்பின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கால்சட்டையின் இடுப்புப் பட்டையைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பிறகு ஒரு நூலைத் தொப்புளுக்கு நேராகப் பிடித்துச் செங்குத்தாகக் கீழே விடுங்கள். அது ஊன்றிய பாதத்தின் மேலோ, அதை ஒட்டியோ விழ வேண்டும். வெகுதூரம் தள்ளி விழுந்தால் அந்த ஆள் எதையோ பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அல்லது படத்தை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். உண்மையில் அப்படி நின்றால் விழுந்துவிடுவார்.

அமைதி என்பது முகத்தில் மட்டும் இல்லை. கழுத்து நரம்பு புடைத்து, தோள்கள் காதை நோக்கி ஏறி, ஊன்றிய காலின் விரல்கள் தரையைக் கவ்வியிருந்தால், முகம் எவ்வளவு சாந்தமாக இருந்தாலும் பார்ப்பவருக்குச் சிரமம்தான் தெரியும். கைகளைத் தலைக்குமேல் கூப்பும்போது தோள் ஏறிவிடுகிறது என்றால், மார்புக்கு முன் கூப்பிய படத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

எழுத்துக்கு இடம் வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவதும் உண்டு. விருட்சாசனத்தை இரு காலிலும் செய்வதால் இதில் பெரிய குற்றம் இல்லை. பத்மாசனப் படத்தில் இப்படிச் செய்யக் கூடாது. வலது பாதத்தை முதலில் இடது தொடைமேல் வைப்பதே பல ஆசிரியர்கள் பின்பற்றும் முறை. படம் திரும்பினால் அதுவும் திரும்பிவிடும்.

இனி வெளிச்சம். காலை வெளிச்சம் என்பது படத்தின்மேல் மஞ்சள் பூசுவது அல்ல. தாழ்வாக, ஒரு பக்கத்திலிருந்து வருவது. தரையில் விழும் நிழலைப் பாருங்கள். நிழல் ஆளின் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால், சூரியன் 45 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள். அது காலை நேரப் படம் அல்ல. பின்னால் சூரியன் உதிக்க, முகம் முன்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் ஒட்டுவேலை என்று சந்தேகிக்கலாம். சூரியன் நேர் பின்னால் இருந்தால் உருவம் கருநிழலாகிவிடும். பாதம் தொடையில் எங்கே பதிந்திருக்கிறது என்பதே தெரியாது. முன்புறம் சற்றுப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் படமே இந்த வேலைக்கு ஏற்றது.

இந்த மென்மையான வெளிச்சத்தைத் தாளில் கொண்டுவருவதில் இரு இடர்கள் உண்டு. கம்ப்யூட்டர் திரை தானே ஒளிரும். தாளோ தன் வெண்மையைவிட அதிகமாக ஒளிராது. ஆஃப்செட்டில் மிக வெளிறிய இடங்களின் நுண்புள்ளிகள் அச்சில் விழாமல் போய், வானம் திட்டுத்திட்டாக வெள்ளையாகும். இது முதல் இடர். நடுத்தர நிறங்களின் புள்ளிகள் தாளில் பரவிக் கருத்துவிடுவது இரண்டாவது இடர். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் இந்தப் பரவல் ஆர்ட் பேப்பரைவிட அதிகம். செலவைக் குறைக்க நினைத்து அதே ஃபைலை மேப்லித்தோவில் ஓட்டினால், தொடையும் பாதமும் ஒரே கரிய திட்டாகச் சேர்ந்துவிடும். நாம் சோதித்து வைத்த பாதத்தின் இடமே மறைந்துபோகும். 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர் இதற்குப் போதும். இந்த அளவில் 1,000 தாளின் எடை சுமார் 50 கிலோ வரும் என்பதையும் லாரி வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தோல் நிறத்தையும் கவனிக்க வேண்டும். நீலம் கூடினால் உடல் சாம்பல் படிந்ததுபோல் தெரியும். சிவப்பு கூடினால் வெயிலில் காய்ந்ததுபோல் தெரியும். கலர் புரூஃபைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டின் கீழ் பார்த்து ஒப்புதல் தருவது சரியல்ல.

ஆகவே, ஆர்டர் எடுக்கும் நம் உறுப்பினர்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். வகுப்பின் மேலாளரோ, வரவேற்பறையில் இருப்பவரோ கையெழுத்திட்ட புரூஃபை ஏற்க வேண்டாம். பாடம் நடத்தும் ஆசிரியரே புரூஃபைப் பார்த்து, "ஆசனம் சரி, எழுத்து சரி, நிறம் சரி" என்று தனித்தனியே குறித்துக் கையெழுத்திடட்டும். நான்கு கலர் பிளேட்டும் போட்டு மெஷின் ஓடிய பிறகு தவறு தெரிந்தால், தாள், மை, பிளேட், கூலி அத்தனையும் வீண்; யார் பொறுப்பு என்ற வழக்கும் மிச்சம். கையெழுத்திட்ட புரூஃப் ஒன்று கையில் இருந்தால் அந்த வழக்குக்கு இடமில்லை.

அச்சான போஸ்டரை மொத்தமாக வாங்கி விற்கும் கடைக்காரர்கள் கட்டைப் பிரிக்குமுன் மாதிரித் தாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முழங்கால் சில்லை முதலில் பாருங்கள். அதன் பக்கத்தில் பாதம் இருந்தால், என்ன தள்ளுபடி தந்தாலும் அந்தக் கட்டு வேண்டாம்.