வெள்ளம் என்றால் தண்ணீர்

மலையாள ஆய்வுச் சுருக்கம் ஒன்றில் இப்படியொரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம். எந்த ஆய்விலிருந்தும் எடுத்ததல்ல. சிக்கலைக் காட்டுவதற்காக நானே அமைத்தது.

"பிரளயத்தினு சேஷம் குட்டநாட்டிலெ பாடசேகரங்ஙளில் வெள்ளத்திலெ வியவசாய மாலின்யத்தின்றெ அளவு கூடுதலாணென்னும் விளவு குறவாணென்னும் கண்டெத்தி."

தமிழ்க் காதில் இது ஏறக்குறைய முழுவதும் புரிந்துவிடும். பிரளயத்துக்குப் பின் குட்டநாட்டில் வெள்ளத்தில் விவசாயக் கழிவு கூடுதல், அதன் விளைவு குறைவு என்று எழுதிவிடலாம். படிப்பவருக்கும் எங்கும் இடறாது. ஆனால் மூலம் சொல்வது வேறு: பெருவெள்ளத்துக்குப் பிறகு குட்டநாட்டு வயல்தொகுதிகளில், நீரிலுள்ள தொழிற்சாலைக் கழிவு அதிகமாகவும் விளைச்சல் குறைவாகவும் இருப்பது கண்டறியப்பட்டது. பாதிப்பு பெரிது என்ற செய்தி, பாதிப்பு சிறிது என்றாகிவிட்டது. பழியும் ஆலையிலிருந்து உழவர் தலைக்கு மாறிவிட்டது.

இங்கே ஏமாற்றிய சொற்கள் இரண்டு வகை. 'வெள்ளம்', 'விளவு' இரண்டும் நமக்கும் மலையாளிகளுக்கும் பொதுவான பழஞ்சொற்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குடிக்கக் கேட்பதும் அதைத்தான். நாம் வெள்ளம் என்பதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்றோ பிரளயம் என்றோ சொல்கிறார்கள். 'விளை' என்ற வேரிலிருந்து அவர்கள் எடுத்த விளவு, வயலிலேயே நின்று விளைச்சலைக் குறிக்கிறது. நம்முடைய விளைவோ எந்தச் செயலின் பலனுக்கும் பொதுவாகிவிட்டது. இந்த வகைச் சொற்களின் உறவை வடிவமே காட்டிக்கொடுக்கும்: மழை அங்கே மழ, தலை அங்கே தல, மாங்காய் அங்கே மாங்ங. இப்படி ஒழுங்காக மாறிவரும் சொல்லில் பொருள் விலகினாலும், பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

வடமொழியிலிருந்து வந்தவைதான் பெரிய கண்ணி. ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் அவற்றுக்குப் பொருள் வகுத்துக்கொண்டது. வியவசாயம் என்பதற்கு வடமொழியில் முயற்சி, உறுதி என்று பொருள். தமிழிலும் தெலுங்கிலும் அது உழவுத்தொழிலானது, மலையாளத்தில் ஆலைத்தொழிலானது. உழவுக்கு அங்கே கிருஷி, உழவு சார்ந்ததற்குக் கார்ஷிகம். தெலுங்கிலும் இதே கதைதான்: அங்கே பரிசோதன என்றால் ஆராய்ச்சி, பிரயோகம் என்றால் சோதனை. 'பரிசோதனா பத்திரம்' என்ற ஆய்வுக்கட்டுரையைப் பரிசோதனைத் தாள் என்று எழுதினால் பள்ளித் தேர்வு நினைவுக்கு வரும்.

குட்டநாட்டு வாக்கியத்தில் சூழலும் நம்மைக் காப்பாற்றாது. வேம்பநாட்டுக் காயலின் வடபுறம் ஏலூர், எடயார் ஆலைகள் பெரியாற்றங்கரையில் இருக்கின்றன. தென்புறம் குட்டநாட்டு நெல்வயல்களிலிருந்து உரமும் பூச்சிமருந்தும் நீரில் கலக்கின்றன. இரண்டு கழிவும் அங்கே உண்மை. ஆகவே 'விவசாயக் கழிவு' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே சுருக்கத்தில் உழவைக் குறிக்க ஆசிரியர் என்ன சொல் வைத்திருக்கிறார் என்று தேட வேண்டும். கார்ஷிகம் என்று ஓரிடத்தில் வந்திருந்தால், வியவசாயம் உழவல்ல என்பது ஏறத்தாழ உறுதி. சுருக்கத்தில் பெயர் சொல்லியிருக்கும் மாசுகளையும் பார்க்கலாம். கன உலோகங்கள் என்றால் ஆலையை நினைக்கலாம். ஆனால் பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் உண்டு என்பதால் அது துணைச்சான்று மட்டுமே. விளவு என்பதற்கு அளவைகளே போதும்: ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று வந்தால் அது விளைச்சல்தான்.

மலையாள எழுத்தைத் தமிழெழுத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கும் பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். வயலைக் குறிக்கும் பாடத்திலும் பள்ளிப் பாடத்திலும் மலையாளத்தில் எழுத்தே வேறு. வயலுக்கு ട, பள்ளிக்கு ഠ. தமிழில் இரண்டும் 'ட' ஆகிவிடுவதால், மூலத்திலேயே இருந்த அடையாளத்தை நாமே அழித்துவிடுகிறோம். பாடசேகரம் என்பது பாடத் திரட்டு அல்ல, ஒன்றாக நீரிறைத்துப் பயிரிடும் வயல்களின் தொகுதி.

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (திருத்திய பதிப்பு 1984) விளவும் விளைவும் ஒரே குடும்பம் என்று காட்டும். ஆனால் இன்று கேரளத்தில் அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்பதைத் தீர்மானிக்க அது போதாது. வியவசாயம் போன்ற வடசொற்களுக்கு அங்கே இடமும் இல்லை. அதற்கு மலையாள அகராதியையே திறக்க வேண்டும்.

கடைசியில் நிற்கும் 'கண்டெத்தி'யும் கவனிக்க வேண்டியது. மலையாள வினையில் யார் என்பதைக் காட்டும் விகுதி கிடையாது. கண்டறிந்தேன், கண்டறிந்தோம், கண்டறிந்தார்கள் எல்லாம் அதே கண்டெத்திதான். தமிழில் எழுதும்போது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். கட்டுரையில் யார் பெயர்கள் இருக்கின்றன, எடுத்துக்காட்டும் முடிவு அவர்களுடையதா முன்னோர் ஆய்வினுடையதா என்று பார்த்த பிறகே 'கண்டறிந்தோம்' என்று போடலாம். அது தெளியாதவரை 'கண்டறியப்பட்டது' என்பதே பாதுகாப்பு.