சாவி எப்போது? எழுத்தில் கேட்பது எப்படி

"சார், தை பொறந்ததும் சாவி குடுத்துடுவோம். பெயிண்டிங் போயிட்டிருக்கு." அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் பில்டர் அலுவலகத்துக்கு போன் போட்டால் காதில் விழும் பதில் இதுதான். தை போய்ச் சித்திரை வரும், பிறகு தீபாவளி வரும். பதில் சொன்ன பெண் வேலையை விட்டுப் போயிருப்பார். புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். போனில் சொன்ன எந்தத் தேதிக்கும் எந்த அதிகாரியின் முன்னாலும் மதிப்பில்லை. அதனால்தான் கடிதம்.

எழுதும் முன் கையில் இருக்கும் காகிதங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் நிலத்தின் பிரிபடாத பங்குக்கு ஒரு கிரயப் பத்திரமும், வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தமும் போட்டுவந்தார்கள். வீட்டை ஒப்படைக்கும் தேதி இந்தக் கட்டுமான ஒப்பந்தத்தில்தான் இருக்கும். கூடவே ஆறு மாதம் சலுகைக் காலம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் கெடு.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் ஒப்பந்தம். ஒப்படைக்கும் தேதி 2024 ஜூன் 30, சலுகை ஆறு மாதம். ஆக, 2024 டிசம்பர் 31 கடைசி நாள். மொத்த விலை 60 லட்சத்தில் 54 லட்சம் கட்டியாகிவிட்டது. 2025 செப்டம்பரில் போய்ப் பார்த்தால் லிஃப்ட் குழி திறந்து கிடக்கிறது, கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு இன்னும் மோட்டார் வரவில்லை. வீட்டுக்குள் டைல்ஸ் ஒட்டியாயிற்று. ஸ்டேஜ் பேமென்ட் கேட்டு டிமாண்ட் லெட்டர் மட்டும் தவறாமல் வந்திருக்கிறது.

இப்படி மாட்டிக்கொண்டவர் எழுதும் முதல் கடிதத்தில் பெரும்பாலும் கோபமும் கெஞ்சலும்தான் நிறைந்திருக்கும். "வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்ட முடியவில்லை, தயவுசெய்து எங்களுக்கு ஒரு புதிய தேதி கொடுங்கள்." இதில் ஓர் ஆபத்து உண்டு. புதிய தேதியை நீங்களே கேட்டு வாங்கி, "சரி" என்று பதிலும் போட்டுவிட்டால், பழைய தேதியை இரு தரப்பும் பேசி மாற்றிக்கொண்டதாக நாளை பில்டரின் வக்கீல் வாதிடுவார். ஆகவே கடிதம் இந்த வாக்கில் தொடங்கட்டும்:

"ஐயா, வணக்கம். நமது கட்டுமான ஒப்பந்தப்படி சலுகைக் காலம் உட்பட 31.12.2024-க்குள் வீட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். இன்றுவரை ஒப்படைக்கவில்லை. ஒப்பந்தத் தேதியை நான் மாற்றவோ நீட்டிக்கவோ சம்மதிக்கவில்லை. தாமதத்துக்கான என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், கீழ்க்கண்ட விவரங்களை 15 நாட்களுக்குள் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அடுத்த பத்தியில் நீங்கள் கட்டிய தொகைகளைத் தேதி வாரியாகச் சொல்லிவிடுங்கள். பில்டரின் முதல் பதில் அநேகமாக "நீங்களே தவணையைத் தாமதமாகத்தான் கட்டினீர்கள்" என்பதாக இருக்கும். வங்கி நேரடியாகக் கொடுத்த தொகை உட்பட எல்லா ரசீதுகளும் உடன் இருந்தால் அந்த வாய் அடைபடும். அலமாரி, கூடுதல் பிளக் பாயிண்ட் என்று நீங்கள் தனியாகக் கேட்ட வேலைகளையும் தாமதத்துக்குக் காரணமாக இழுப்பார்கள். அப்படி ஏதாவது இருந்தால், அதற்குக் கூடுதல் நாள் கேட்டு அவர்கள் எழுதினார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதியைக் கேட்கும்போது எந்தத் தேதி என்று பிரித்துக் கேட்க வேண்டும். சாவியைக் கையில் கொடுப்பதையே ஒப்படைப்பு என்று சொல்லிவிட்டு, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இல்லாத கட்டடத்தில் ஆளைக் குடியேற்றுவது பழைய வித்தை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு வாங்குவதே சிக்கல். அதனால் லிஃப்ட் முடியும் நாள், சுத்திகரிப்புத் தொட்டி ஓடும் நாள், கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டுக்கு மனுப் போட்ட அல்லது போடப்போகும் நாள், அதற்குப் பிறகு வீட்டை ஒப்படைக்கும் நாள் என்று நான்கையும் கேளுங்கள். கட்டம் கட்டமான கால அட்டவணையைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 19-ஆம் பிரிவில் வாங்குபவருக்குக் கொடுத்திருக்கிறது. "உத்தேசமாக", "அனுமதிகளுக்கு உட்பட்டு" என்று பதில் வந்தால் தேதி வரவில்லை என்றே அர்த்தம்.

காரணத்தைக் கேட்பதில்தான் கடிதத்தின் பாதி உயிர் இருக்கிறது. ரெராவின் 6-ஆம் பிரிவு போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களைத்தான் யாருக்கும் அடங்காத காரணங்களாக ஏற்கிறது. பில்டர் மீது தவறில்லாத வேறு நியாயமான சூழ்நிலை இருந்தால் ஆணையம் கூடுதல் காலம் தரலாம். அதுவும் மொத்தத்தில் ஓராண்டைத் தாண்டக் கூடாது. மணல் கிடைக்கவில்லை, வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், கான்ட்ராக்டரோடு தகராறு என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

புயல் என்றே சொன்னாலும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. நம் எடுத்துக்காட்டில் பில்டர் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைக் காட்டுகிறார் என்று வையுங்கள். புயல் வந்தது உண்மை. ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சைட்டில் வேலை நின்றது, அந்தச் சமயத்தில் எத்தனையாவது மாடி ஸ்லாப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். சில வாரம் தண்ணீர் நின்றது ஒன்பது மாதத் தாமதத்துக்குக் கணக்காகாது. பதில் வந்ததும், பில்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆணையத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய முன்னேற்ற விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை நின்றதாகச் சொல்லும் மாதத்தில் இரண்டு மாடி ஏறியிருந்தால் அந்தக் காரணம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

"ரெராவே எங்களுக்குத் தேதியை நீட்டித்துவிட்டது" என்ற பதிலும் வரும். அது திட்டத்தின் பதிவுக்குக் கிடைத்த நீட்டிப்பு. உங்களோடு போட்ட ஒப்பந்தத்தின் தேதியை அது திருத்தி எழுதிவிடாது. நீல்கமல் ரியல்டர்ஸ் வழக்கில் 2017-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், தாமதத்தை ஒப்பந்தத்தில் சொன்ன தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றது.

அந்தத் தேதிக்கு ஒரு விலையும் உண்டு. ரெராவின் 18-ஆம் பிரிவுப்படி, வீடு வேண்டாம் என்று விலகுபவருக்குப் பணம் வட்டியோடு திரும்ப வர வேண்டும். வீடு வேண்டும் என்று காத்திருப்பவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி உண்டு. தமிழ்நாட்டு விதிகளில் வட்டி, ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். விகிதத்தோடு 2 சதவீதம். கணக்குக்கு 11 சதவீதம் என்று வைத்தால் 54 லட்சத்துக்கு மாதம் 49,500 ரூபாய். இந்தத் தொகையைக் கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் சொன்னால் போதும். மிரட்டல் தேவையில்லை, பில்டரின் கணக்குப்பிள்ளைக்குப் புரியும்.

கடிதத்தை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் போடுங்கள். கடன் கொடுத்த வங்கிக்கு ஒரு நகல். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களும் தனித்தனியே எழுதினால் நல்லது. பில்டர் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். கையில் காசே இல்லாத பில்டரை எந்தக் கடிதமும் வேலை செய்யவைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் 15 நாள் கழித்து ஆணையத்தில் 31-ஆம் பிரிவின்படி புகார் கொடுக்கும்போது, பதில் வந்த கடிதமும் ஆதாரம், பதில் வராத கடிதமும் ஆதாரம்.

கடைசியில் ஒருநாள் சாவி வரும்போது, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாள் ஒன்றையும் நீட்டுவார்கள். வீட்டை எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் பலர் அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். டி.எல்.எஃப். சதர்ன் ஹோம்ஸ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், பத்திரம் பதிவு செய்துகொண்டதாலேயே தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமை போய்விடாது என்று சொல்லியிருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு, "தாமத வட்டிக்கான உரிமைக்கு உட்பட்டு" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.