ஐசோஆக்டேனில் நீளமான சங்கிலிக்கு எட்டு கார்பன் கிடையாது, தெரியுமா?

பெட்ரோலின் ஆக்டேன் எண்ணுக்கு 100 என்ற அளவுகோலே ஐசோஆக்டேன்தான். அதில் மொத்தம் எட்டு கார்பன். ஆனால் அதன் ஐ.யு.பி.ஏ.சி. பெயர் 2,2,4-டிரைமெத்தில்பென்டேன்! நீளமான சங்கிலியில் ஐந்தே கார்பன். மீதி மூன்றும் கிளைகளாகத் தொங்கும் மெத்தில்கள். நீளமான சங்கிலியைப் பிடித்துப் பெயர் வைக்கும் இந்த வழக்கத்துக்கு 1892-இல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்களே அடித்தளம் போட்டார்கள்.

வினாத்தாளில் நேராக அச்சிட்ட சங்கிலி தாய்ச்சங்கிலியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, தெரியுமா? கார்பனின் பிணைப்புகள் ஏறக்குறைய 109.5 டிகிரியில் நாலு பக்கமும் விரிகின்றன; நேர்கோடு தாளில் மட்டும்தான். அதனால் நாலு கார்பனை நேராக வரைந்து, இரண்டாவதிலிருந்து கீழே ஓர் எத்திலைத் தொங்கவிட்டால் அது 2-எத்தில்பியூட்டேன் ஆகிவிடாது! எத்தில் வழியாகத் திரும்பி எண்ணிப் பாருங்கள், ஐந்து கார்பன். சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன்.

இந்தத் தப்பைக் கட்டமைப்பு வரையாமலே கண்டுபிடிக்கலாம் என்பது இன்னும் வியப்பு. ஆல்கேனில் 1-மெத்தில், 2-எத்தில், 3-புரோப்பைல் என்று கிளையின் கார்பன் எண்ணிக்கையும் இட எண்ணும் சமமாக வந்தால் அந்தப் பெயர் தப்பேதான்! எண்ணத் தொடங்கிய நுனியை விட்டுக் கிளைக்குள் திரும்பினால் சங்கிலி ஒரு கார்பன் நீண்டுவிடும்.

சரி, நீளமான சங்கிலியே இரண்டு கிடைத்தால்? இதோ, CH3CH2CH(C2H5)CH(CH3)2. நடுக் கார்பனிலிருந்து மூன்று கைகள் நீள்கின்றன: இரண்டு எத்தில், ஓர் ஐசோபுரோப்பைல். எந்த இரண்டு கைகளைச் சேர்த்தாலும் ஐந்து கார்பன்தான் வருகிறது. இரண்டு எத்தில்களைச் சேர்த்தால் கிளை ஒன்றுதான், ஐசோபுரோப்பைல். ஓர் எத்திலையும் ஐசோபுரோப்பைலையும் சேர்த்தால் வெளியே இரண்டு கிளைகள் நிற்கும்: ஒரு மெத்தில், ஓர் எத்தில். அதிகக் கிளைகள் உள்ள சங்கிலிக்குத்தான் முதலிடம்! மெத்தில் பக்கத்திலிருந்து எண்ணி, ஆங்கில அகரவரிசைப்படி எத்திலை முன்னால் எழுதினால் 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன். கார்பனைக் கூட்டிச் சரிபாருங்கள்: ஐந்து, இரண்டு, ஒன்று, மொத்தம் எட்டு. இதுவும் C8H18, ஐசோஆக்டேனின் உடன்பிறப்பு!

எந்த நுனியிலிருந்து எண்ணுவது என்ற கேள்விக்கு, இட எண்களின் கூட்டுத்தொகை குறைவாக வர வேண்டும் என்று பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது விதியே இல்லை, தெரியுமா? பத்து கார்பன் சங்கிலியில் மூன்று மெத்தில்கள். ஒரு பக்கமிருந்து எண்ணினால் 2,7,8, மறுபக்கமிருந்து 3,4,9. கூட்டினால் முதலாவது 17, இரண்டாவது 16. கூட்டுத்தொகையை நம்பியவர் 3,4,9 என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவார்! விதி என்னவென்றால், இரண்டு வரிசைகளையும் இடமிருந்து ஒப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். முதலில் வித்தியாசப்படும் இடத்தில் எது சிறியதோ அதுவே வெல்லும். இங்கே 2-க்கும் 3-க்கும் போட்டி, 2 வென்றது, விடை 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன். ஐசோஆக்டேனிலும் இதே கதைதான்: 2,2,4-ஆ, 2,4,4-ஆ? முதல் எண் சமம், இரண்டாவதில் முடிவு தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் தப்பான விதி இத்தனை நாள் எப்படிப் பிழைத்தது? கிளைகள் இரண்டே என்றால் கூட்டுத்தொகையும் சரியான விதியும் ஒருபோதும் முரண்படாது! முன்னும் பின்னும் எண்ணி எந்தச் சங்கிலியில் வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள். மூன்றாவது கிளை வந்த பிறகுதான் குட்டு உடையும்.

கடைசியாக ஒன்று, இதைத் தேர்வெழுதுபவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். CH2=C(C2H5)CH2CH2CH3 என்ற சேர்மத்துக்கு இரண்டு பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன, தெரியுமா? பள்ளிப் பாடப்படி இரட்டைப் பிணைப்பு தாய்ச்சங்கிலிக்குள் இருந்தே ஆக வேண்டும். அப்படி எண்ணினால் ஐந்து கார்பன், பெயர் 2-எத்தில்பென்ட்-1-ஈன். ஐ.யு.பி.ஏ.சி.யின் 2013 பரிந்துரைகளோ நீளத்துக்கே முதலிடம் என்று மாற்றிவிட்டன! இரட்டைப் பிணைப்பை வெளியே விட்டால் ஆறு கார்பன் கிடைக்கிறது; பெயர் 3-மெத்திலிடீன்ஹெக்சேன். பிளஸ் ஒன் தேர்விலும் நுழைவுத் தேர்விலும் எதிர்பார்ப்பது பழைய பெயரைத்தான். அதிலே 2-எத்தில் வருகிறதே என்று பதறி அடித்துவிடாதீர்கள். முன்னே சொன்ன சோதனை ஆல்கேன்களுக்கு மட்டும்தான்.