நான் மறைத்ததை நீர் காட்டிக் கொடுத்தது

பினாங்கு பாயான் லெப்பாசில், ஓர் அளவுத்திருத்த ஆய்வுக்கூடத்தில் நான் பயிற்சியில் இருந்த சமயம். மற்ற வெப்பமானிகளைச் சரிபார்க்கும் எங்கள் பிளாட்டினம் வெப்பமானியைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது விளிம்பில் இலேசாகத் தட்டிவிட்டேன். கண்ணாடி உடையவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குச் சிப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் கழகத்தின் சான்றிதழ் இருந்தது. அடுத்த அளவுத்திருத்தத்துக்கு இன்னும் பல மாதங்கள். ஆனால் அது வரைக்கும் மாதம் ஒருமுறை அதை நாங்களே சோதிப்போம். அதற்கு உதவுவது மும்மைப் புள்ளிக் கலன். காற்று நீக்கி மூடிய கண்ணாடிக் கலனுக்குள் தூய நீர் மட்டும் இருக்கும். பனி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்திருந்தால் அதன் வெப்பநிலை 0.01 டிகிரி செல்சியஸ். பினாங்கின் வெயிலும் மழையும் அதை மாற்றாது.

கலனின் நடுக்குழாயில் உலர்பனித் தூளைப் போட்டால், குழாயைச் சுற்றி உள்ளே பனி உறை வளரும். புதுப் பனியில் இறுக்கம் இருக்கும் என்பதால் ஒரு நாளாவது விட்டுவைப்போம். பிறகு இளஞ்சூடான கம்பியை நுழைத்து, பனியின் உட்புறத்தை மெல்லிய படலமாக உருக்குவோம். கலனைத் திருப்பினால் பனி உறை தடையின்றிச் சுழல வேண்டும். அதுதான் கலன் தயார் என்பதற்கு அடையாளம்.

சான்றிதழில் இருந்த மின்தடை 25.5012 ஓம். அன்று எனக்குக் கிடைத்தது 25.5020. இந்த வெப்பமானியில் 0.1 ஓம் ஏறத்தாழ ஒரு டிகிரி. ஆகவே விலகல் 8 மில்லி டிகிரி.

கலன்தான் பழுதோ? சந்தேகம் தீர இன்னொரு வெப்பமானியை அதே கலனில் வைத்தேன். அதன் பழைய மதிப்பே வந்தது. கலன் சரி. தவறு வெப்பமானியில்தான். மேற்பார்வையாளரிடம் போய், தட்டியதை ஒப்புக்கொண்டேன்.

"மெல்லிய பிளாட்டினம் கம்பி அடிபட்டால் இறுகும். மின்தடை ஏறும்," என்றார் அவர். வெப்பமானியை 480 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மெதுவாகக் குளிரவிட்டோம். மறுபடி சோதித்தபோது 25.5013. ஒரு மில்லி டிகிரிதான் மிச்சம்.

அந்த மிச்சத்தையும் அப்படியே விடவில்லை. வெப்பநிலையைக் கணக்கிட, அளந்த மின்தடையைக் கலனில் கிடைத்த மின்தடையால் வகுப்போம். புதிய மதிப்பால் வகுத்தால் இந்தச் சிறு விலகல் பெருமளவு நீங்கிவிடும். வகுக்கும் எண்ணை மாற்றாவிட்டால் தவறு சூட்டோடு வளரும்: கலனில் 8 மில்லி டிகிரியாக இருந்தது 100 டிகிரியில் ஏறத்தாழ 11 ஆகிவிடும்.

ஆனால் கலன் சொல்வது ஒரே ஒரு புள்ளியைத்தான். பிளாட்டினத்தில் அசுத்தம் கலந்தால் அந்த விகிதமே மாறும். அதை வெளி அளவுத்திருத்தம்தான் முழுமையாகக் காட்டும்.

முந்திய சோதனைக்கும் இதற்கும் இடையில் அந்த வெப்பமானியால் நாங்கள் சான்றளித்தவற்றை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று வார வேலை. தட்டிய அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும்.