ஒரு மில்லி நொடியும் ஒரு நொடியும்

பழைய லேப்டாப் பேட்டரி ஒன்றைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஆறோ எட்டோ உருளை செல்கள் இருக்கும். 18 மில்லி மீட்டர் விட்டம், 65 மில்லி மீட்டர் உயரம். அந்த அளவை வைத்துத்தான் அவற்றுக்கு 18650 என்று பெயர். இவற்றில் இன்னும் தெம்பு உள்ளவற்றைப் பொறுக்கி எடுத்து டார்ச் லைட்டுக்கும் மின் சைக்கிளுக்கும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. பொறுக்கும்போது அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது செல்லின் அகமின்தடை. செல்லிலிருந்து மின்னோட்டம் எடுத்தால் அதன் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கும். இறங்கிய வோல்ட்டை எடுத்த ஆம்பியரால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். எண் சிறியதாக இருந்தால் செல் நல்லது என்பது பொதுக் கணக்கு.

சிக்கல் என்னவென்றால், ஒரே செல்லுக்கு இரண்டு எண்கள் வரும். 2500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு 18650 செல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஹெர்ட்ஸ் மீட்டரில் வைத்தால் 14 மில்லி ஓம் என்று காட்டுகிறது. அதே செல்லில் நேர்மின்னோட்டம் எடுத்து, ஒரு நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கணக்கிட்டால் 24 மில்லி ஓம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடுதல். மீட்டர் பழுதா, கணக்குப் பிழையா என்று பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். இரண்டுமே பழுதில்லை.

முதலில் மீட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது செல்லுக்குள் மிகச் சிறிய மாறுமின்னோட்டம் ஒன்றைச் செலுத்துகிறது. சில பத்து மில்லி ஆம்பியர் இருக்கும். அந்த மின்னோட்டம் நொடிக்கு 1000 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால் செல்லின் முனைகளில் எழும் மின்னழுத்த ஆட்டம் ஒரு மில்லி வோல்ட்டைக்கூட எட்டாது. செல்லின் சொந்த 3.7 வோல்ட்டை மீட்டருக்குள் இருக்கும் மின்தேக்கி தடுத்துவிடுகிறது. எஞ்சிய மெல்லிய ஆட்டத்தைப் பெருக்கி, அதில் மின்னோட்டத்தோடு ஒத்த தாளத்தில் ஆடும் பகுதியை மட்டும் நல்ல மீட்டர் பிரித்தெடுத்துக் காட்டுகிறது. அளவெடுத்து முடித்த பிறகு செல்லில் எந்த மாற்றமும் இல்லை. போன மின்னோட்டம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

மற்ற முறையில் செல் உண்மையாகவே வேலை செய்கிறது. சிறிய லித்தியம் செல்களுக்கான ஐஇசி 61960 தரநிலை இதற்கு ஒரு வழி சொல்கிறது. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தைப் பத்து நொடி எடுத்து மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடனே மின்னோட்டத்தை முழுக் கொள்ளளவு அளவுக்கு உயர்த்தி, ஒரு நொடி முடிவில் மறுபடி குறிக்க வேண்டும். நம் செல்லுக்கு இது முதலில் 0.5 ஆம்பியர், பிறகு 2.5 ஆம்பியர். முதல் அளவு 3.680 வோல்ட், இரண்டாவது 3.632 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்.

(U1 − U2) ÷ (I2 − I1) = 0.048 ÷ 2.0 = 0.024

அதாவது 24 மில்லி ஓம். செல்லைச் சும்மா இருக்கும் நிலையிலிருந்து நேராக முழு லோடுக்குத் தள்ளாமல் முதலில் சிறிய லோடில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேதிவினை தொடங்கும் கட்டத்தில் வரும் கோணல்கள் கணக்கில் கலக்காமல் இருக்க அது உதவுகிறது.

இனி செல்லுக்குள் போவோம். மின்னோட்டம் உள்ளே மூன்று விதமான தடைகளைச் சந்திக்கிறது. முதலாவது எளிய ஓம் தடை. செம்பு, அலுமினியத் தகடுகள், பற்றவைத்த இணைப்புகள், லித்தியம் அயனிகள் நீந்தும் மின்பகுளி ஆகியவற்றின் தடை இது. மின்னோட்டம் தொடங்கிய கணத்திலேயே முழுதாகத் தெரிந்துவிடும். இரண்டாவது, அயனி மின்பகுளியை விட்டு மின்வாய்த் துகளின் உள்ளே நுழையும் எல்லையில் இருக்கிறது. அங்கே ஒரு வேதிவினை நடந்தாக வேண்டும், அதற்கு ஒரு விலை உண்டு. மூன்றாவது, நுழைந்த அயனி துகளுக்குள்ளே மெல்லப் பரவிச் செல்வதால் வருவது. இது நொடிக் கணக்கிலும் நிமிடக் கணக்கிலும் வளரும்.

இரண்டாவது தடையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மின்வாய்க்கும் மின்பகுளிக்கும் இடையிலான அந்த எல்லையில் இரு பக்கமும் மின்னூட்டங்கள் எதிரெதிரே வரிசைகட்டி நிற்கின்றன. அதனால் அந்த எல்லையே ஒரு மின்தேக்கியாகவும் நடந்துகொள்கிறது. சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒரு பெரிய மைதானம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மைதானம் வரை வந்து உடனே திரும்பிப் போகும் வண்டி சுங்கம் கட்டுவதில்லை. ஒரே திசையில் தொடர்ந்து வரும் வண்டிகள் மைதானத்தை நிரப்பிவிட்டு, பிறகு சாவடியில் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு கிலோ ஹெர்ட்ஸ் மின்னோட்டம் அரை மில்லி நொடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. அதற்குள் அந்த மின்தேக்கி நிரம்புவதில்லை, ஆகவே வேதிவினையின் விலை மீட்டரில் ஏறக்குறையத் தெரிவதே இல்லை. 18650 போன்ற செல்லில் அது நிரம்பப் பத்து இருபது மில்லி நொடியாவது வேண்டும்.

இது வெறும் விளக்கம் அல்ல, கண்ணாலேயே பார்க்கலாம். நேர்மின்னோட்டத் துடிப்பை ஒரு அலைகாட்டியில் விரித்துப் பார்த்தால், 2 ஆம்பியர் கூடிய உடனே மின்னழுத்தம் செங்குத்தாக 28 மில்லி வோல்ட் விழும். 28ஐ 2ஆல் வகுத்தால் 14. மீட்டர் காட்டிய அதே எண்! அதன் பிறகு கோடு வளைந்து இறங்குகிறது. பத்தில் ஒரு நொடியில் 42 மில்லி வோல்ட், அதாவது 21 மில்லி ஓம். ஒரு நொடியில் 24. பத்து நொடி காத்திருந்தால் 30. இரண்டு முறைகளும் முரண்படவில்லை. ஒரே வளைகோட்டை இரண்டு வேறு நேரங்களில் வாசிக்கின்றன. சாதாரண மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறையே அளவெடுப்பதால் அந்தச் செங்குத்து வீழ்ச்சியைத் தனியாகப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த ஒற்றுமை பலர் கண்ணில் படுவதில்லை.

என் பார்வையில், எந்த மின்னோட்டம், எத்தனை நொடி என்ற இரண்டையும் சொல்லாத நேர்மின்னோட்ட எண்ணுக்குப் பொருளே கிடையாது. நேரத்தை நீட்டினால் எண் வளர்ந்துகொண்டே போகும். அதில் ஒரு பகுதி தடையே அல்ல. 2.5 ஆம்பியரைப் பத்து நொடி எடுத்தால் ஏறக்குறைய 7 மில்லி ஆம்பியர் மணி செலவாகிறது. கொள்ளளவில் அது 0.3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முழுச் சார்ஜிலிருந்து காலியாகும் வரை செல் சுமார் ஒரு வோல்ட் இறங்குகிறது என்று கொண்டால், இந்தச் செலவால் மட்டுமே 3 மில்லி வோல்ட் போய்விடும். நம் கணக்கில் அது ஒன்றரை மில்லி ஓம் போலத் தோன்றும். சார்ஜரிலிருந்து எடுத்த உடனே அளப்பதிலும் இதே தொல்லை உண்டு. செல்லின் மின்னழுத்தம் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும், அந்த இறக்கமும் தடையாக எண்ணப்பட்டுவிடும். ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுத்துவிட்டு அளப்பது நல்லது.

வெப்பநிலை மாறும்போது இரண்டு எண்களும் இன்னும் விலகுகின்றன. எல்லையில் நடக்கும் வேதிவினையின் தடை, பத்து டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மின்பகுளியின் தடையும் கூடும், ஆனால் அவ்வளவு வேகமாக அல்ல. உலோகத் தகடுகளின் தடையோ குளிரில் சிறிது குறைகிறது. ஆகவே சென்னை மதியத்தில் 24 காட்டிய செல், ஊட்டியின் மார்கழிக் காலையில் நேர்மின்னோட்டத்தில் இரண்டு மடங்குக்கு மேல் காட்டலாம். கிலோ ஹெர்ட்ஸ் மீட்டரில் சில மில்லி ஓம்தான் கூடியிருக்கும். செல் காலியாகும் நேரத்திலும் இப்படித்தான். சார்ஜ் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியதும் நேர்மின்னோட்ட எண் விறுவிறுவென ஏறும், மீட்டர் எண் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும்.

பழைய செல்களைப் பொறுக்குகிறவர்களுக்கு இது நேரடியாகக் கைகடிக்கும் விஷயம். வயதான செல்லில் பெரும்பாலும் எல்லைத் தடையும் பரவல் தடையும்தான் அதிகம் வளர்கின்றன. ஆகவே மீட்டரில் இரண்டு செல்களும் 16 மில்லி ஓம் காட்டி, ஒன்று பத்து நொடித் துடிப்பில் 32 என்றும் மற்றது 55 என்றும் வருவது நடக்கக்கூடியதே. மீட்டரை மட்டும் நம்பி, பத்து செல்களைத் தொடராக அடுக்கி 36 வோல்ட் சைக்கிள் பேக் கட்டினால் என்ன ஆகும்? செல் ஒன்றுக்கு 5 ஆம்பியர் வீதம் மேட்டில் ஏறும்போது, 16 மில்லி ஓம் கணக்குப்படி பேக் 0.8 வோல்ட்தான் இறங்க வேண்டும். எல்லாச் செல்லும் 55 ஆக இருந்தால் இறங்குவது 2.75 வோல்ட். சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை வெட்டிவிடும். கூடவே செல்லும் சூடாகும்.

அதற்காகக் கிலோ ஹெர்ட்ஸ் மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான புதுச் செல்களைச் சோதிக்க அதைவிட வேகமான கருவி இல்லை. சார்ஜ் நிலை அதைப் பெரிதாகப் பாதிக்காததால் வந்தபடியே அளந்துவிடலாம். உள்ளே ஒரு பற்றவைப்பு விட்டுப்போயிருந்தாலோ மின்பகுளி வற்றியிருந்தாலோ எண் உடனே கூடிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அது நான்கு கம்பி முறையில் அளக்க வேண்டும். மின்னோட்டம் செலுத்த இரண்டு கம்பி, மின்னழுத்தம் பார்க்கத் தனியாக இரண்டு கம்பி, எல்லாம் நேராகச் செல்லின் முனையிலேயே படவேண்டும். ஸ்பிரிங் வைத்த தாங்கியில் செருகி இரண்டே கம்பியில் அளந்தால், தொடுமுனைகளின் தடை செல்லின் தடையைவிடப் பெரிதாக வந்துவிடும். செல்லை எடுத்து மறுபடி செருகினால் எண் மாறுகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். சில சார்ஜர்கள் திரையில் காட்டும் அகமின்தடை ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சூரிய மின்சாரச் சேமிப்பில் பயன்படும் பெரிய பெட்டி வடிவ லித்தியம் செல்களில் இன்னொரு தொல்லை சேர்கிறது. அவற்றின் தடை ஒரு மில்லி ஓமில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். அவ்வளவு சிறிய எண்ணில், மீட்டர் கம்பிகள் போடும் வளையத்தின் மின்தூண்டலும் ஒரு கிலோ ஹெர்ட்ஸில் கலந்துவிடுகிறது. ஒத்த தாளத்தைப் பிரித்தெடுக்காத மலிவு மீட்டராக இருந்தால், கம்பியைச் சற்று விரித்துப் பிடித்தாலே எண் கூடும். கம்பிகளை முறுக்கி ஒன்றாக வைத்து ஒருமுறை, விரித்து வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், அந்தச் செல்லுக்கு அந்த மீட்டரை நம்பாமல் 100 ஆம்பியர் போன்ற பெரிய லோடில் பத்து நொடித் துடிப்பு கொடுத்து அளப்பதே சரியான வழி.