உங்களுக்குத் தெரியுமா? பிள்ளை மடுவமும் ஓயாத தடிமனும்

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் பிள்ளை மடுவங்களிலோ நகரத்துப் பகல் பராமரிப்பு நிலையங்களிலோ புதிதாகச் சேரும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு, முதல் ஆண்டில் 8 முதல் 12 தடவை தடிமன் பிடிப்பது வழக்கமே. ஒவ்வொன்றும் ஆறச் சுமார் பத்து நாள் செல்லும். 10 தடிமன் என்றால் 100 நாள். மூக்கு காய்வதே இல்லை என்று வீட்டார் சலிப்பதில் வியப்பில்லை.

தடிமனைத் தரும் ரைனோ வைரசில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு உண்டாகும் எதிர்ப்புச் சக்தி மற்றொன்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஒருவர் வாயில் வைத்த பொம்மை அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில் புதுப்புது வகைகள் வரிசையாகத் தொற்றும். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980களில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பெரிய பராமரிப்பு நிலையங்களில் வளர்ந்தவர்களுக்கு 2 வயதில் தடிமன் அதிகம். 6 முதல் 11 வயதிலோ மற்றவர்களைவிடக் குறைவு.

இடைநாட்களில் பிள்ளை ஓடியாடி விளையாடி, கிளினிக் புத்தகத்து வளர்ச்சிக் கோடும் ஏறினால் பயமில்லை. அன்டிபயோட்டிக் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. எடை நின்றுபோனாலோ, ஒரே ஆண்டில் இருமுறை நிமோனியா வந்தாலோ, இருமல் 4 வாரம் தாண்டினாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும்.