திரிபோஷாவும் சோளச் சுருளும் பிறக்கும் திருகு

கிளினிக் நாளில் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் கர்ப்பிணித் தாய்மார் திரிபோஷா பைக்கற் இரண்டோடு லயத்துக்குத் திரும்புவார்கள். பைக்கற் ஒன்று 750 கிராம். நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் இரண்டும் ஒரு மாதத்துக்குக் கணக்காக வரும். வீட்டில் அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள். அவித்து வேகவைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த மா தொழிற்சாலையிலேயே வெந்துவிட்டது. தோட்டத்துக் கடையில் சரமாகத் தொங்கும் சோளச் சுருள் பைக்கற்றுகளும் அதே வகை இயந்திரத்தில் வெந்தவைதான். ஒன்று ஏன் மாவாகிறது, மற்றது ஏன் பஞ்சாக ஊதுகிறது என்பதுதான் உணவுப் பொறியியல் பரீட்சையில் இந்த இயந்திரத்தைப் பற்றி வரும் கேள்விகளின் மையம்.

இயந்திரத்தின் பெயர் எக்ஸ்ட்ரூடர். முறுக்கு உரலை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்: மாவை அழுத்தித் துளை வழியாக வெளியே தள்ளுகிறோம். முறுக்கு எண்ணெயில் விழுந்த பிறகு வேகிறது. இங்கே துளையை அடையும் முன்பே வெந்து முடிகிறது. தடித்த இரும்புக் குழாய்க்குள் ஒரு திருகு சுழல்கிறது. குழாயின் வாயில் ஈரமாக்கிய சோள நொய்யைக் கொட்டினால், திருகின் மரைகள் அதை முன்னால் நகர்த்தும். போகப் போக மரைப்பள்ளம் ஆழம் குறைந்துகொண்டே வரும். நொய் நெருக்கப்பட்டு, அரைபட்டு, இளகிய பிசினாகிறது.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிசின் திருகோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றினால் ஓர் அங்குலமும் முன்னேறாது. அது குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு திருகின் மேல் வழுக்க வேண்டும். அதற்காகத்தான் குழாயின் உட்சுவரில் பள்ளக் கோடுகள் வெட்டியிருக்கிறார்கள். அவை தேய்ந்துபோனால் மோட்டார் சுற்றும், உற்பத்தி விழும்.

சமைப்பதற்கான சூடு பெரும்பாலும் இந்த உராய்விலிருந்தே கிடைக்கிறது. 16 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ நொய்யை 30 பாகை செல்சியஸிலிருந்து 150 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 240 கிலோஜூல் வேண்டும். மணிக்கு 200 கிலோ ஓடும் இயந்திரத்தில் மோட்டார் 20 கிலோவாற்றைத் திருகுக்குக் கொடுத்தால், ஒரு கிலோவுக்கு 360 கிலோஜூல் கிடைக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி குழாய்ச் சுவர் வழியாக வெளியேறும். ஆகவே கொதிகலன் இல்லாமலே ஒரு நிமிடத்துக்குள் மாச்சத்து வெந்துவிடுகிறது.

இனி அச்சுக்கு வருவோம். குழாயின் முனையில் சிறு துளைகளுள்ள தடித்த தட்டு இருக்கும். அதுதான் அச்சு. அப்புத்தளையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனால் அச்சுக்குப் பின்னால் 150 பாகையிலும் கொதிக்காது. அந்த வெப்பத்தில் தண்ணீரைத் திரவமாகவே வைத்திருக்க 4.8 பார் அழுத்தம் போதும். அச்சின் ஒடுங்கிய துளையோ அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தைப் பின்னால் தேக்கி வைக்கிறது. பிசின் துளையைத் தாண்டிய கணமே அழுத்தம் இல்லாமல் போகிறது, தண்ணீர் நீராவியாக வெடிக்கிறது.

எவ்வளவு தண்ணீர்? பிசின் 150 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஆறும்போது கிலோவுக்கு 100 கிலோஜூல் விடுபடும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை. வகுத்தால் ஏறத்தாழ 44 கிராம் வரும். அவ்வளவுதான். ஆனால் கடல் மட்டத்தில் அந்த 44 கிராம் ஆவி ஏறத்தாழ 74 லீற்றர் இடத்தைப் பிடிக்கும்! ஆவியில் பெரும்பகுதி தப்பிப்போகும். உள்ளே சிக்கிய கொஞ்சமே குமிழிகளை ஊதுகிறது. 3 மில்லிமீற்றர் துளையில் நுழைந்த பிசின் 10 மில்லிமீற்றர் தடிமனான சுருளாக வெளிவந்தால், குறுக்குவெட்டுப் பரப்பு 11 மடங்கு பெருத்திருக்கிறது என்று பொருள். அச்சின் முகத்தில் சுழலும் கத்தி அதைத் துண்டாக்கும். அப்போதும் அதில் 12 சதவீதம் ஈரம் இருப்பதால், மொறுமொறுப்பு வர உலர்த்தியே ஆக வேண்டும்.

பரீட்சையில் பலரை விழுத்தும் கேள்வி இதுதான்: நொய்யில் தண்ணீரைக் கூட்டினால் சுருள் இன்னும் ஊதுமா? தண்ணீர்தான் ஆவியாகிறது, ஆகவே ஊதும் என்று எழுதிவிடத் தோன்றும். நடப்பது நேர்மாறு. தண்ணீர் கூடினால் பிசின் நீர்த்து, உராய்வு குறையும். வெப்பமும் அழுத்தமும் விழும். ஊதிய குமிழியும் நிலைக்காது. தண்ணீர் குறைந்த பிசின் ஆறும்போது கண்ணாடிபோல விறைத்துக் குமிழியின் வடிவத்தைக் காப்பாற்றும். ஈரம் மிகுந்தது இளகியே இருப்பதால் ஆவி போனதும் சுருங்கிவிடும். இயந்திரத்தருகே நிற்பவருக்கு இது உடனே தெரியும். மோட்டாரின் அம்பியர் முள் இறங்கும், சுருள் மெலிந்து பல்லுக்குக் கடினமாகும். ஒரு லீற்றர்ப் பாத்திரத்தில் சுருளை நிரப்பி நிறுத்தால் எடை ஏறியிருக்கும். அதனாலேயே அடைப்பைத் தவிர்க்கத் தொடக்கத்தில் அதிக ஈரத்தோடு ஓட்டி, சூடேறியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

திரிபோஷாவுக்கு இந்த ஊதல் தேவையே இல்லை. 1973இல் தொடங்கிய திட்டம் முதலில் அமெரிக்காவிலிருந்து வந்த மாவை நம்பியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் உள்ளூர்ச் சோளத்தையும் சோயாவையும் வேகவைக்க, 'பிரேடி' என்ற மலிவான எக்ஸ்ட்ரூடரைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க விவசாயிகள் கால்நடைத் தீவனத்துக்காக வைத்திருந்த இயந்திரம் அது. சோளச் சுருளும் 1930களில் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஒரு தீவன இயந்திரத்திலிருந்து தற்செயலாகப் பிறந்ததுதான். பிரேடியில் துளைத்தட்டு கிடையாது. முனையிலுள்ள கூம்பை நகர்த்தி இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். உலர்ந்த தானியம் உராய்ந்து உராய்ந்து திருகு விரைவில் தேய்ந்துபோனது அதன் பெரிய குறை.

சோயாவில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அது உராய்வைத் தணித்து ஊதலைக் கெடுக்கும், ஆனால் மாவாக அரைக்கப்போகும் கலவைக்கு அதனால் நட்டமில்லை. இங்கே முக்கியம் வேறு: பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, அதை வெப்பம் அழிக்க வேண்டும். அழிந்ததா என்று பார்க்க யூரியாவும் பீனோல் ரெட் சாயமும் கலந்த கரைசலை மாவின் மேல் ஊற்றுவார்கள். சோயாவிலுள்ள யூரியேஸ் நொதி பிழைத்திருந்தால் அமோனியா பிறந்து மா சிவக்கும். நொதி செத்திருந்தால், அந்தத் தடைப்பொருளும் போதுமான அளவு அழிந்திருக்கும் என்று கொள்ளலாம். சிவக்கவில்லை என்பதால் மட்டும் நல்ல மா என்று சொல்லிவிட முடியாது. அளவுக்கு மீறி வெந்தாலும் சிவக்காது. அப்போது லைசின் என்ற அமினோ அமிலம் குறைந்து, மா பழுப்பேறிக் கருகல் வாசம் வீசும்.

இந்தத் திருகால் ஆகாத வேலை ஒன்று உண்டு. மகியங்கனையிலும் மொனராகலையிலும் விளையும் சோளம் சரியாகக் காயாமல் களஞ்சியத்துக்குப் போனால் பூஞ்சணம் பிடித்து அஃப்லாடொக்சின் சேரும். 2022இல் திரிபோஷா பற்றி நாடெங்கும் எழுந்த சர்ச்சை இதைக் குறித்ததே. எக்ஸ்ட்ரூடரின் வெப்பம் பூஞ்சணத்தைக் கொல்லும். அது ஏற்கெனவே சுரந்த நஞ்சை ஓரளவுதான் குறைக்கும், அதையும் நம்பியிருக்க முடியாது. ஆகவே சோளத்தை 13 சதவீத ஈரத்துக்கு உலர்த்துவதும், சந்தேகமான மூட்டையைச் சோதித்து ஒதுக்குவதும் இயந்திரத்தின் வாய்க்கு வருமுன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.